டியூ நின்ற வண்டியும் நம் உரிமையும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திர ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த வருடம் நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வந்தவர்களில் மருத்துவச் செலவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வந்தது வண்டிக் கடன் விஷயமாகத்தான். ஆட்டோ, குட்டி யானை, டிராக்டர், கறிக்கடைக்காரரின் மொபெட் என்று எல்லாம் உண்டு. எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "பாய், வண்டியை சீஸ் பண்ணிட்டாங்க." அதற்குப் பிறகு என்ன நடக்கும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பது யாருக்கும் தெரிவதில்லை. எங்களுக்கே முதலில் தெரியவில்லை. வழக்கறிஞர்களிடம் கேட்டும், காகிதங்களைப் படித்தும், ஒரு சகோதரருடன் கடைசி வரை கூடவே நடந்தும் தெரிந்துகொண்டோம். அவர் அனுமதியோடு அந்த விஷயத்தையே இன்று சொல்கிறோம். அவர் பெயரும் வேண்டாம், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

வட்டிக்கு வாங்கி வண்டி எடுக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். அதை ஹள்ரத் அவர்களிடம் கேளுங்கள். நாங்கள் இன்று பேசுவது, வாங்கி மாட்டிக்கொண்டவரைப் பற்றி.

அந்தச் சகோதரர் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வந்து இங்கே கடைகளுக்குப் போடுபவர். குட்டி யானை ஒன்றை 4,50,000 ரூபாய் கடனில் எடுத்தார். மாதம் 13,200 வீதம் 48 டியூ. 26 டியூ ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அதன்பின் தாயாருக்கு கோவையில் ஆபரேஷன். மூன்று டியூ நின்றுபோனது. ஒரு நாள் அதிகாலை நாலு மணிக்கு கள்ளிமந்தையம் தாண்டிப் போகும்போது இரண்டு பைக்கில் நாலு பேர் வந்து வண்டியை மறித்தார்கள். சாவியை வாங்கினார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, "இதுல கையெழுத்துப் போடுங்க, ரசீதுதான்" என்றார்கள். போட்டார். காலி கிரேடுகள், தார்ப்பாய், ஜாக்கி, ஆர்.சி. புக் எல்லாம் வண்டியோடு போயிற்று. அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். எங்களிடம் வந்தது பதினொரு நாள் கழித்து.

அந்தப் பதினொரு நாள்தான் எங்களுக்கு இன்றும் வருத்தம். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் அடிப்படையான ஒன்று. ஆர்.சி. புக்கில் உங்கள் பெயர் இருக்கும். கூடவே நிதி நிறுவனத்தின் பெயரும் "எச்.பி." அல்லது "ஹைப்பாத்திகேஷன்" என்று பதிவாகியிருக்கும். பழைய ஹயர் பர்ச்சேஸ் முறையில் கடைசி டியூ கட்டும்வரை வண்டிக்குச் சொந்தக்காரர் நிறுவனமே; நாம் வாடகைக்கு வைத்திருப்பவர் மாதிரி. இப்போது பெரும்பாலும் இருப்பது ஹைப்பாத்திகேஷன் என்னும் ஈடு. வண்டி நம்முடையது, அதன் மேல் அவர்களுக்குப் பாத்தியம் உண்டு. எந்த முறையானாலும், டியூ தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கும். நாம் கையெழுத்துப் போட்ட ஷரத்து அது. அப்படி ஒரு ஷரத்து இருப்பது சட்டவிரோதமல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதனால் "கோர்ட் ஆர்டர் இல்லாமல் வண்டியைத் தொடவே முடியாது" என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள்.

ஆனால் அந்த ஷரத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 2009 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், எப்படி எடுப்பார்கள், விற்பதற்கு முன் பணம் கட்ட கடைசி வாய்ப்பு என்ன, கட்டினால் வண்டியை எப்படித் திருப்பித் தருவார்கள், ஏலம் எப்படி நடக்கும் என்ற இத்தனையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைக் கடன் வாங்கியவரிடம் கொடுக்கவும் வேண்டும். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த நகல் இருக்கிறது? (கூட்டத்தில் இரண்டு கைகள் உயர்ந்தன.) நம் சகோதரரிடமும் இல்லை. அவரிடம் இருந்தது டியூ அட்டை மட்டும்.

எனவே நாங்கள் செய்த முதல் வேலை, ஒப்பந்த நகலும் முழுக் கணக்கு ஸ்டேட்மென்டும் கேட்டு, ரிஜிஸ்டர் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் போட்டது. கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒன்று. ஃபோனில் கேட்டால் "அனுப்புறோம் சார்" என்பார்கள், அதற்கு சாட்சி கிடையாது. தபாலுக்கு உண்டு. பத்து நாளில் நகல் வந்தது. அதில் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே வண்டியை எடுக்கலாம் என்றும், வண்டியை ஒளித்து வைத்தாலோ வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாலோ நோட்டீஸ் தேவையில்லை என்றும் இருந்தது. இவர் ஒளித்து வைக்கவில்லை. தினம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். நோட்டீஸ் எங்கே என்று கேட்டோம். அனுப்பியிருந்தார்கள், ஆனால் அவர் மூன்று வருடம் முன்பு காலி செய்த வாடகை வீட்டு முகவரிக்கு. "ஆள் இல்லை" என்று தபால் திரும்பிப் போயிருந்தது. புது வீட்டுக்கு மாறியதை இவர் எழுத்தில் தெரிவிக்கவே இல்லை. வசூலுக்கு வரும் பையனிடம் வாயால் சொன்னதோடு சரி. வீடு மாறினால் இரண்டு வரி எழுதி, வாங்கிக்கொண்டதாகக் கிளையில் முத்திரை வாங்கி வையுங்கள்.

இப்போது வண்டியை மறித்த அந்த அதிகாலைக்கு வருவோம். எடுக்கும் உரிமை இருந்தாலும், அடியாளை வைத்து எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 2011இல் சிட்டிகார்ப் மாருதி நிறுவனத்துக்கும் விஜயலட்சுமி என்பவருக்கும் இடையிலான வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஹயர் பர்ச்சேஸ் வண்டியானாலும் சட்டப்படியான முறையில்தான் எடுக்க வேண்டும், பலத்தைக் காட்டி அல்ல. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றமும் வசூல் ஏஜென்டுகள் பலவந்தமாக வண்டி பறிப்பது வாழ்வுரிமைக்கே விரோதம் என்று தீர்ப்பளித்தது.

அப்படியானால் நாம் மறுத்தால் என்ன ஆகும்? நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மத்தியஸ்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மனுப் போட்டு, ஒரு வழக்கறிஞரை கமிஷனராக நியமிக்க வைத்து, அவர் நீதிமன்ற உத்தரவோடு வருவார். அவரிடம் மறுக்கக் கூடாது. மறுத்தால் அது நீதிமன்றத்தை மறுப்பது. வெறும் ஏஜென்ட் வந்தால் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். ஏஜென்டுகள் இந்திய வங்கி மற்றும் நிதியியல் நிறுவனத்தின் பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதி. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக ஃபோன் செய்யக் கூடாது, நாலு பேர் முன் அவமானப்படுத்தக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடி வலியுறுத்தியிருக்கிறது. ஃபோனுக்கே அந்த நேரம் என்றால், நாலு மணி இருட்டில் ரோட்டை மறிப்பது எந்தக் கணக்கு?

இங்கே ஒரு எச்சரிக்கை. வண்டியை எடுத்தவுடன் போலீசுக்குப் போய் "திருடிவிட்டார்கள்" என்று புகார் எழுதாதீர்கள். ஒப்பந்தப்படி நிதி நிறுவனம் வண்டியை எடுத்தால் அது திருட்டு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பழைய வழக்குகளிலேயே தீர்மானித்துவிட்டது; புகார் நிற்காது. மறித்தது, மிரட்டியது, கை வைத்தது, வண்டிக்குள் இருந்த உங்கள் சொந்தப் பொருளைத் தராதது என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அது பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் பேசும். நம் சகோதரர் அன்றே போயிருந்தால் அந்த ரசீது இருந்திருக்கும். பதினொரு நாள் கழித்துப் போனபோது, "அப்பவே வராம இப்ப ஏன் வர்றீங்க?" என்றார் ஏட்டு. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அதைவிடப் பெரிய சேதம், அவர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள். அது ரசீது அல்ல. "என்னால் கடனைக் கட்ட முடியாததால் என் மனப்பூர்வமான விருப்பத்தின் பேரில் வண்டியை ஒப்படைக்கிறேன்" என்ற கடிதம். இதற்கு சரண்டர் லெட்டர் என்று பெயர். இது இருந்துவிட்டால், மறித்தார்கள், மிரட்டினார்கள் என்று நாம் சொல்வதெல்லாம் பாதி செத்துப் போகும். வண்டியை விட்டுக் கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள், ஆனால் படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். அவர்கள் வற்புறுத்தினால் கையெழுத்துக்கு மேலேயே தமிழில் "வண்டியை வழியில் மறித்து எடுத்தார்கள், எனக்குச் சம்மதமில்லை" என்று நேரத்தோடு எழுதிவிட்டுப் போடுங்கள். வண்டியில் என்னென்ன பொருள் இருந்தது, கிலோமீட்டர் எவ்வளவு, டயர் எப்படி, பாடியில் அடி உண்டா என்று ஒரு பட்டியல் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். அது முடியாவிட்டால் ஃபோனில் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். யார்டில் இரண்டு மாதம் நின்ற பிறகு பேட்டரியும் ஸ்டெப்னியும் காணாமல் போவது புதிதல்ல.

சரி, வண்டி போய்விட்டது. இதற்குப் பிறகு வருவதுதான் பணம் சம்பந்தப்பட்ட இடம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். வண்டி போனதோடு கடனும் போயிற்று என்று நினைத்து ஃபோனை அணைத்துவிடுகிறார்கள். போகவில்லை. வண்டியை விற்று, வந்த பணத்தைக் கழித்து, மீதியை நம்மிடம் கேட்பார்கள். ஜாமீன் போட்டவரிடமும் கேட்பார்கள். விற்ற பணம் பாக்கியைவிட அதிகமாக இருந்தால் அந்த அதிகம் நம்முடையது. ஆனால் அதை யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை, எழுதிக் கேட்க வேண்டும்.

நம் சகோதரருக்கு விற்பனைக்கு முந்தைய நோட்டீஸ் இந்த முறை சரியான முகவரிக்கு வந்தது. ஏழு நாளில் 3,05,000 கட்டினால் வண்டி, இல்லாவிட்டால் ஏலம். இவர் நின்றுபோன மூன்று டியூவுக்கான 39,600ஐப் புரட்டிக்கொண்டு போனார். வாங்க மாட்டோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் முழுக் கடனையும் ஒரே தடவையில் திருப்பிக் கேட்கும் ஷரத்து இருந்ததால் அதை நம்மால் வற்புறுத்த முடியவில்லை. வண்டியை எடுப்பதற்கு முன்னால் இதே பணத்தோடு போய், நிலைமையை எழுதிக் கொடுத்து, டியூவைத் தள்ளிப் போடக் கேட்டிருந்தால் கேட்கும் காது இருந்திருக்கும். வண்டி யார்டுக்குள் போனபின் பேச்சின் விலை கூடிவிடுகிறது.

அந்த 3,05,000 எப்படி வந்தது என்று பிரித்துக் கேட்டோம். அசலும் ஓடிய வட்டியும் 2,57,000. அது எங்கள் கணக்கோடு ஒத்துப்போனது. மீதி 48,000இல் சீசிங் செலவு 18,000, யார்டு வாடகை 9,000, தாமதத்துக்கான அபராத வட்டி 21,000. மூன்று டியூ தவறியதற்கு 21,000 அபராதமா? அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, நியாயமான கட்டணமாக மட்டுமே போடலாம், அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டு, அது 2024இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. சீசிங் செலவுக்கு ஏஜென்டிடம் வாங்கிய பில்லைக் கேட்டோம். 9,000க்குத்தான் பில் இருந்தது.

பிறகு வண்டியை 1,90,000க்கு விற்றதாகவும், மீதி 1,15,000 கட்டும்படியும் கடிதம் வந்தது. அவருடைய மச்சான் ஜாமீன் போட்டிருந்தார்; அவருக்கும் ஒரு நகல். வீட்டில் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டாம். அதே வருட மாடல், அதே ஓட்டம் உள்ள குட்டி யானை என்ன விலை போகும் என்று மூன்று பழைய வண்டி வியாபாரிகளிடம் எழுதி வாங்கினோம். மூவருமே 2,40,000க்குக் குறையாமல் சொன்னார்கள். எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள், மதிப்பீட்டு அறிக்கை எங்கே என்று நிறுவனத்தைக் கேட்டோம். பதில் இல்லை.

திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போட்டோம். ஐந்து லட்சம் வரையுள்ள விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நிறுவனத்தின் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வண்டி வைத்து வியாபாரம் செய்பவர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். தானே ஓட்டித் தன் பிழைப்புக்காக வாங்கியிருந்தால் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு அந்த வழி இல்லை.

ஆனால் அங்கே என்ன கிடைக்கும் என்பதில் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே 2020 அக்டோபர் 1ஆம் தேதி வந்த ஒரு தீர்ப்பைச் சொல்கிறோம். மேக்மா ஃபின்கார்ப் நிறுவனத்துக்கும் ராஜேஷ் குமார் திவாரி என்பவருக்கும் இடையிலான வழக்கு. ஹயர் பர்ச்சேஸில் மஹிந்திரா மார்ஷல் ஜீப் எடுத்தார், சில டியூவுக்குப் பின் நின்றுவிட்டது, வண்டியை எடுத்து விற்றுவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் மன்றம் பெரிய தொகையைத் திருப்பித் தரச் சொன்னது. மேலே உள்ள ஆணையங்களும் ஒப்புக்கொண்டன. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டியூ தவறினால் எடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஒப்பந்தம் கேட்கும் நோட்டீஸைச் சரியாகக் கொடுக்காதது சேவைக் குறைபாடுதான். ஆனால் அதனால் பெரிய நஷ்டம் வந்ததாகக் காட்டாவிட்டால் பெரிய தொகையும் இல்லை என்று சொல்லி, 15,000 ரூபாய் மட்டும் கொடுக்க உத்தரவிட்டது. நோட்டீஸ் வரவில்லை என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டிய டியூவெல்லாம் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். நஷ்டத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். எங்கள் கையில் அந்த மூன்று வியாபாரிகளின் கடிதம் இருந்தது, சீசிங் பில் இருந்தது.

வழக்கு நடக்கும்போதே நிறுவனத்தின் வழக்கறிஞர் பேச வந்தார். விஷயம் லோக் அதாலத்தில் முடிந்தது. அபராத வட்டி 21,000உம், பில் இல்லாத 9,000உம் நீங்கியது. வண்டியின் விலையை 2,40,000 என்று வைத்துக்கொண்டார்கள். ஆக 1,15,000 கேட்ட இடத்தில் 35,000; அதையும் மூன்று தவணையில் கட்டினார். மச்சானை ஜாமீனிலிருந்து விடுவித்ததாகவும் அந்த உடன்படிக்கையிலேயே எழுத வைத்தோம். ஒன்றை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை. அவருடைய சிபில் கணக்கில் இந்தக் கடன் "செட்டில்டு" என்றே நிற்கிறது. "குளோஸ்டு" என்று அல்ல. அடுத்த கடனுக்குப் போகும்போது அதைப் பார்ப்பார்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாராபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. நிறுவனத்துக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் செலவில்லாமல் புகார் செய்யலாம். சிறு சிறு நிறுவனங்கள் சில அந்த வரம்புக்குள் வராது. நம் ஊரில் ரசீது புக்கோடு மட்டும் நடக்கும் பைனான்ஸ் கம்பெனிகள் வரவே வராது.

கடைசியாக ஆர்.சி. புக். இதை எல்லோரும் மறக்கிறார்கள். வண்டியை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் எங்கோ ஓட்டுகிறார், ஆனால் ஆர்.டி.ஓ. பதிவில் இன்னும் உங்கள் பெயர். அவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருவரை இடித்துவிட்டால்? 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, வண்டியை எடுத்த நிறுவனம் 36ஆம் படிவத்தில் விண்ணப்பித்துத் தன் பெயருக்குப் புது ஆர்.சி. வாங்கலாம், அதற்கு முன் ஆர்.டி.ஓ. உங்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பி உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அந்தத் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி, வண்டியை எடுத்த தேதியையும் கணக்கு வழக்கு இருந்தால் அதையும் எழுதிப் பதில் கொடுங்கள். தபால் வராவிட்டாலும், இன்ன தேதியில் இன்ன நிறுவனம் வண்டியை எடுத்துவிட்டது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். நம் சகோதரருக்கு அந்தப் பெயர் மாற்றம் நடந்து முடிய இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் அவர் சீல் வாங்கிய கடிதத்தின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

இப்போது வேறொருவரின் வண்டியை வாடகைக்கு எடுத்து அதே சந்தைக்குத்தான் போய் வருகிறார். வண்டிக் கடன் காகிதம் வைத்திருப்பவர்கள், டியூ நிற்கும் முன்பே, சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். ஒப்பந்த நகல் இல்லாதவர்களுக்கு அதைக் கேட்டு எழுதும் கடிதத்தை அங்கேயே எழுதித் தருகிறோம். தபால் செலவு உங்களுடையது.